ஆக்சஸ் பாயின்ட்டுக்கு 2.5ஜி, 5ஜி போர்ட் கொடுத்தும் வேகம் வரவில்லையா? அறிகுறியை வைத்துப் பிழை கண்டுபிடிக்கும் வழி

பழைய கேபிள் ஓடும் கட்டடத்தில் புது ஆக்சஸ் பாயின்ட் மாட்டும்போது வரும் சிக்கல்களை மட்டும் இங்கே எழுதுகிறேன். சென்னையில் எனக்கு வரும் வேலையில் பெரும்பகுதி இதுதான். 2010 வாக்கில் இழுத்த கேட் 5இ கேபிள், அதன் ஒரு முனையில் புதிதாக வாங்கிய மல்டிகிகாபிட் சுவிட்ச், மறுமுனையில் புதிதாக வாங்கிய வைஃபை 6 ஆக்சஸ் பாயின்ட். நடுவில் இருப்பதை யாரும் கேட்பதில்லை.

கேபிள் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன், பின்னால் அடிக்கடி தேவைப்படும். 2016-ல் வந்த 802.3பிஇசட் என்ற தரம்தான் ஒரு கிகாபிட்டுக்கும் பத்து கிகாபிட்டுக்கும் நடுவில் 2.5, 5 என்ற இரண்டு படிகளை வைத்தது. ஏற்கெனவே சுவருக்குள் கிடக்கும் கேபிளைப் பிடுங்காமல் வேகம் ஏற்றுவதே அதன் நோக்கம். (5ஜி என்று இங்கே எழுதுவது விநாடிக்கு 5 கிகாபிட் என்ற பொருளில், மொபைல் 5ஜி இல்லை. ஒரு வாடிக்கையாளர் "சிம் எங்கே போடணும்?" என்றே கேட்டிருக்கிறார்.)

2.5ஜி ஓட ஏறக்குறைய 100 மெகாஹெர்ட்ஸ் அகலம் போதும். கேட் 5இ அதே 100 மெகாஹெர்ட்ஸ் வரைதான் சோதிக்கப்பட்ட கேபிள். ஆகவே ஒழுங்காக இழுத்த கேட் 5இ-யில் 2.5ஜி 100 மீட்டர் வரை ஓடும். 5ஜிக்கு 200 மெகாஹெர்ட்ஸ் வேண்டும். கேட் 6 என்பது 250 மெகாஹெர்ட்ஸ் வரை சோதிக்கப்பட்டது, அதனால் அதில் நிம்மதியாக ஓடும். கேட் 5இ-யில் 5ஜி ஓட்டுவது, கேபிள் எந்த உத்தரவாதமும் தராத பகுதியில் ஓட்டுவது. பல இடங்களில் ஓடும், சில இடங்களில் ஓடாது. 10ஜி வேண்டுமென்றால் கேட் 6ஏ-யில் 100 மீட்டர் கிடைக்கும். கேட் 6-ல் 55 மீட்டருக்குள் முடித்துக்கொள்ள வேண்டும்.

அறிகுறி 1: 1000-த்திலேயே நிற்கிறது, ஆனால் இணைப்பு அறுவதில்லை

இணைப்பு நிலையாக இருந்து வேகம் மட்டும் 1000 மெகாபிட், அதாவது ஒரு கிகாபிட் என்றால் கேபிளைச் சந்தேகப்பட அவசரப்படாதீர்கள். பத்தில் ஏழெட்டு முறை காரணம் கேபிளின் இரண்டு முனைகளில்தான் இருக்கிறது.

முதலில் போர்ட்டைப் பாருங்கள். மல்டிகிகாபிட் சுவிட்ச் என்று பெயர் இருந்தாலே எல்லா போர்ட்டும் அப்படி என்று அர்த்தமில்லை. விலை குறைந்த பல மாடல்களில் கடைசி நாலோ எட்டோ மட்டும்தான் 2.5ஜி, மற்றவை சாதாரண கிகாபிட். சில பெரிய சுவிட்ச்சுகளில் போர்ட்டுக்கு போர்ட் உச்ச வரம்பே மாறும்: சிஸ்கோவின் கேட்டலிஸ்ட் 9300-48யுஎக்ஸ்எம் மாடலில் முதல் 36 போர்ட் 2.5ஜி வரைதான், கடைசி 12 மட்டும் 10ஜி வரை. ஆக்சஸ் பாயின்ட்டிலும் இதே கதை உண்டு. இரண்டு ஈதர்நெட் போர்ட் இருந்தால் ஒன்று வேகமானது, இன்னொன்று வெறும் கிகாபிட்டாக இருக்கலாம். ஏணியில் ஏறி நிற்பவர் கைக்கு எட்டியதில் செருகிவிடுவார்.

அடுத்தது இன்ஜெக்டர். சுவிட்ச்சில் பிஓஇ, அதாவது நெட்வொர்க் கேபிளிலேயே மின்சாரம் அனுப்பும் வசதி இல்லாததால், அந்த மின்சாரத்தைச் சேர்க்க நடுவில் இன்ஜெக்டர் வைத்திருந்தால், அது கிகாபிட்டுக்கு மட்டும் செய்ததா என்று பாருங்கள். மின்சாரம் ஒழுங்காகப் போகும், ஆக்சஸ் பாயின்ட்டில் விளக்கெல்லாம் பச்சையாக எரியும். ஆனால் உள்ளே இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் அந்த உயர் அதிர்வெண்ணுக்கு வடிவமைக்கப்பட்டதில்லை. ஃபால்ஸ் சீலிங்குக்குள் இன்ஜெக்டரைப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள் என்பதால் இதைக் கண்டுபிடிக்கவே நேரம் ஆகும்.

மூன்றாவது பழைய 10ஜி போர்ட். 802.3பிஇசட்-க்கு முன்னால் வந்த 10ஜி செம்பு போர்ட்டுகள் பலவற்றுக்கு 1, 10 இரண்டும்தான் தெரியும், 2.5, 5 என்ற பேச்சே புரியாது. அதில் 2.5ஜி ஆக்சஸ் பாயின்ட்டைச் செருகினால் இரண்டுக்கும் பொதுவாகத் தெரிந்த 1000-த்துக்கு வந்து நிற்கும். பத்து பெரிதாயிற்றே, இரண்டரை அதற்குள் அடங்கிவிடும் என்று நினைப்பது இயல்புதான். ஆனால் அப்படி நடக்காது.

கடைசியாக மின்சாரம். சில ஆக்சஸ் பாயின்ட்டுகள் 30 வாட் எதிர்பார்த்து 15.4 வாட்தான் கிடைத்தால், ரேடியோ சிலவற்றை அணைப்பதோடு ஈதர்நெட்டையும் 1000-த்துக்கு இறக்கிக்கொள்ளும். சுவிட்ச்சில் `show power inline` போட்டுப் பார்த்தால் எவ்வளவு ஒதுக்கியிருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

அறிகுறி 2: 100-க்கு இறங்கிவிட்டது

இது கம்பி அறுந்த கதை. 100-க்கு இரண்டு ஜோடி போதும். 1000-மும் அதற்கு மேலும் நான்கு ஜோடியும் வேண்டும். நீலமோ பழுப்போ ஒரு ஜோடி எங்கேயோ விட்டுப்போயிருக்கிறது. இரண்டு முனையிலும் கிரிம்ப்பை வெட்டி மறுபடி அடியுங்கள். அதற்கும் சரியாகாவிட்டால், அந்தக் காலத்தில் யாரோ ஒரே கேபிளைப் பிரித்து இரண்டு கம்ப்யூட்டருக்கு ஓட்டியிருக்கிறார்களா என்று பேட்ச் பேனலுக்குப் பின்னால் எட்டிப் பாருங்கள். பழைய ஆபீஸ்களில் இன்னும் அகப்படுகிறது.

அறிகுறி 3: 5000-த்தில் வருகிறது, ஆனால் நிற்பதில்லை

இதுதான் நேரம் தின்னும் சிக்கல். நான் தடுக்கி விழுந்த கதையோடு சொல்கிறேன்.

கிண்டியில் ஒரு ஏற்றுமதி நிறுவனத்தின் ஐந்து மாடி ஆபீஸ். ரேக் தரைத்தளத்தில். எல்லா மாடிக்கும் கேட் 5இ, ஒரே ஷாஃப்ட் வழியாக ஏறுகிறது. பன்னிரண்டு ஆக்சஸ் பாயின்ட்டுகளையும் 5ஜி போர்ட் உள்ளவையாக மாற்றச் சொன்னார்கள். கேட் 5இ ஆயிற்றே என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் இருப்பதிலேயே நீளமான கேபிளைத் தேர்ந்தெடுத்தேன். நாலாவது மாடி, கடைசி மூலை, உறையில் அச்சிட்ட மீட்டர் எண்களைக் கழித்துப் பார்த்தால் 84 மீட்டர். ஒரே ஒரு புது ஆக்சஸ் பாயின்ட்டை அங்கே மாட்டினேன். 5000-த்தில் எழுந்தது. அரை மணி நேரம் டேட்டாவை ஓட்டினேன், ஒரு பிழைகூட இல்லை. "சார், கேபிள் மாற்ற வேண்டாம்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்த வாரம் பன்னிரண்டையும் மாட்டிய மறுநாளே ஃபோன் வந்தது. நாலாவது மாடியில் வைஃபை விட்டு விட்டு வருகிறது, வீடியோ மீட்டிங் அறுகிறது. சுவிட்ச் லாகில் வரிசையாக இப்படி:

```
%LINK-3-UPDOWN: Interface TenGigabitEthernet1/0/43, changed state to down
%LINK-3-UPDOWN: Interface TenGigabitEthernet1/0/43, changed state to up
```

இணைப்பு அறாத போர்ட்டுகளிலும் பிழை எண்ணிக்கை ஏறிக்கொண்டிருந்தது:

```
show interfaces counters errors
```

ஞாயிற்றுக்கிழமை ஓடிய அதே கேபிள், அதே போர்ட், அதே ஆக்சஸ் பாயின்ட். என்னோடு வந்த தம்பி, "அண்ணே, ஆக்சஸ் பாயின்ட்டே சூடாகிக் கெட்டுப்போச்சு போல" என்றான். புதுசு ஒன்றை எடுத்து மாற்றினோம். அதுவும் அப்படியே.

என்ன மாறியது என்று யோசித்தால் ஒன்றுதான் மாறியிருந்தது: ஞாயிற்றுக்கிழமை ஒரு கேபிள் மட்டும் 5ஜியில் இருந்தது, இப்போது பன்னிரண்டும் இருக்கின்றன. பன்னிரண்டும் ஷாஃப்டுக்குள் ஒரே கட்டாக, பிளாஸ்டிக் டையால் நரம்பு புடைக்க இறுக்கிக் கட்டப்பட்டவை.

ஒரே கேபிளுக்குள் ஒரு ஜோடி பேசுவது பக்கத்து ஜோடியில் கேட்கும் தொல்லையை போர்ட்டில் இருக்கும் சிப் தானே கழித்துவிடும். எந்த ஜோடியில் தான் என்ன அனுப்புகிறோம் என்பது அதற்குத் தெரியுமே. பக்கத்து கேபிளிலிருந்து கசிந்து வருவதை அதனால் கழிக்க முடியாது. அங்கே என்ன ஓடுகிறது என்று அதற்குத் தெரிய வழியில்லை. இதை ஏலியன் கிராஸ்டாக் என்கிறார்கள். கல்யாண மண்டபத்தில் மேளம் அடிக்கிறவர் பக்கத்தில் உட்கார்ந்து, மண்டபத்தின் அந்தக் கோடியில் பேசுபவரைக் கேட்கும் நிலைமை. 84 மீட்டர் தாண்டி வரும் சிக்னல் ரேக்குக்கு வரும்போது தேய்ந்துபோயிருக்கும். அதே இடத்தில் பக்கத்து கேபிள்களில் அப்போதுதான் கிளம்பும் சிக்னல் முழு பலத்தோடு இருக்கும். அதனால்தான் ரேக் பக்கம் இருக்கும் முதல் 20 மீட்டர் கட்டுதான் அதிகம் கெடுக்கிறது, அதனால்தான் நீளமான கேபிள்கள் முதலில் அடி வாங்குகின்றன.

இங்கே பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. பக்கத்து கேபிளில் யாரும் எதையும் டவுன்லோட் செய்யாவிட்டாலும் தொல்லை குறையாது. இணைப்பு எழுந்துவிட்டால் டேட்டா இல்லாத நேரத்திலும் போர்ட் எதையாவது அனுப்பிக்கொண்டேதான் இருக்கும். ஆகவே "ராத்திரி ஆள் இல்லாதபோது சோதித்தேன்" என்பது சோதனையே ஆகாது. எத்தனை பக்கத்து இணைப்புகள் எழுந்திருக்கின்றன என்பதுதான் கணக்கு.

உறுதி செய்யும் வழி எளிது. சாயங்காலம் ஆபீஸ் முடிந்ததும் உட்கார்ந்தோம். 43-ம் போர்ட்டைத் தவிர மற்ற பதினொன்றையும் `shutdown` செய்து, பிழைக் கணக்கை அழித்துவிட்டு அந்த இணைப்பில் டேட்டாவை ஓட்டினேன்.

```
clear counters Te1/0/43
iperf3 -c 192.168.10.5 -P 4 -t 120
```

முதல் வரி சுவிட்ச்சில், இரண்டாவது அந்த கேபிளின் முனையில் 5ஜி கார்டு போட்ட லேப்டாப்பில். 192.168.10.5 என்பது மறுபக்கம் சர்வராக வைத்த கம்ப்யூட்டர். (ஆக்சஸ் பாயின்ட் வழியாகவே சோதித்தால் வைஃபையின் குறை எது, கேபிளின் குறை எது என்று பிரிக்க முடியாது.) பிழை பூஜ்யம். பிறகு பக்கத்து போர்ட்டுகளை ஒவ்வொன்றாக எழுப்பினோம். ஒன்று, இரண்டு வரை ஒன்றுமில்லை. மூன்றாவது எழுந்ததும் கணக்கு ஓட ஆரம்பித்தது. ஆறாவதில் இணைப்பே அறுந்தது. தம்பிக்கு அப்போதுதான் நம்பிக்கை வந்தது. கேபிள் தனியாகக் கெட்டிருந்தால் தனியாக இருக்கும்போதே பிழை காட்டியிருக்கும். கூட்டம் சேர்ந்தால் மட்டும் பிழை என்றால் வேறு காரணம் இல்லை.

மருந்து மூன்று. முதலில் ரேக்குக்குள்ளும் ஷாஃப்டில் கை எட்டும் வரையிலும் டைகளை வெட்டி, கேபிள்களைத் தளர்வாகப் பிரித்து வெல்குரோ போட்டோம். சீப்பால் வாரினதுபோல் ஒட்டி ஒட்டி அடுக்கிய கட்டு கண்ணுக்கு அழகு, சிக்னலுக்கு எமன். இதனால் பிழை கணிசமாகக் குறைந்தது, போகவில்லை. இரண்டாவது, வேகத்தை இறக்குவது. 60 மீட்டருக்கு மேல் இருந்த ஏழு போர்ட்டுகளை 2.5ஜிக்கு இறக்கினேன்:

```
interface Te1/0/43
 speed 2500
```

இந்தக் கட்டளைக்குப் பிறகு அந்த போர்ட்டில் சாதாரண கிகாபிட் லேப்டாப்பைச் செருகினால் எழாது. பிற்பாடு சோதிக்க வருபவர் போர்ட் செத்துவிட்டது என்று நினைத்துக்கொள்வார், அதனால் `description` வரியில் காரணத்தை எழுதி வையுங்கள். மூன்றாவது மருந்து கேட் 6ஏ இழுப்பது. மீட்டிங் ஹாலுக்கு மட்டும் அதைச் செய்தார்கள், அதுவும் அவர்கள் ஆசைக்காக.

ஆசைக்காக என்று ஏன் சொல்கிறேன் என்றால், 2.5ஜிக்கு இறக்கியதால் நாலாவது மாடியில் யாருக்கும் எந்தக் குறையும் தெரியவில்லை. லேப்டாப்புகளில் இருப்பது பெரும்பாலும் இரண்டு ஆன்டெனா. 80 மெகாஹெர்ட்ஸ் சேனலில் அதன் வைஃபை 6 வேகம் காகிதத்தில் 1201 மெகாபிட். கையில் கிடைப்பது அதில் மூன்றில் இரண்டு பங்கு வந்தாலே அதிகம். எல்லோரும் அந்த ஒரே காற்றைத்தான் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். இப்படிப்பட்ட ஆபீஸில் ஒரு ஆக்சஸ் பாயின்ட் 2.5ஜியை நிரப்புவது அபூர்வம். அறாத 2.5ஜி, அறுகிற 5ஜியைவிட எவ்வளவோ மேல்.

இதே அறிகுறி 2.5ஜியிலும் வந்து, அதுவும் மத்தியானத்தில் மட்டும் வந்தால் வெயிலைச் சந்தேகப்படுங்கள். கேபிளின் இழப்புக் கணக்கெல்லாம் 20 டிகிரிக்குப் போட்டது. அதற்கு மேல் 40 வரை ஒவ்வொரு டிகிரிக்கும் இழப்பு 0.4 சதவீதம் ஏறும், 40-க்கு மேல் 0.6. கத்திரி வெயிலில் மொட்டை மாடிக்குக் கீழே, ஏசி படாத சீலிங் இடைவெளியில் 45 டிகிரி என்று வைத்துக்கொண்டால் 11 சதவீதம். 85 மீட்டர் கேபிள் 94 மீட்டர்போல நடந்துகொள்ளும். பிஓஇ மின்சாரம் கேபிள் கட்டை உள்ளிருந்து இன்னும் கொஞ்சம் சூடாக்கும். தை மாசம் மாட்டிக் கொடுத்தது சித்திரையில் தகராறு செய்வது இப்படித்தான்.

மழைக்காலத்தில் மட்டும் வந்தால் யோசிக்கவே வேண்டாம், வெளியே போகும் கேபிளில் தண்ணீர் இறங்கியிருக்கிறது. முனையை வெட்டிக் குலுக்கிப் பாருங்கள். அந்த நீளத்தையே மாற்ற வேண்டும்.

அறிகுறி 4: கூட்டம் சேர்ந்தால் ஆக்சஸ் பாயின்ட்டே அணைந்து எரிகிறது

காலையில் நன்றாக இருக்கும், ஆட்கள் வந்து உட்கார்ந்ததும் ரீபூட் ஆகும். மின்சாரம் பற்றவில்லை. சுவிட்ச்சின் மொத்த பிஓஇ வாட் கணக்கைப் பார்த்துவிட்டு, அது சரியாக இருந்தால் கேபிள் செம்புதானா என்று பாருங்கள்.

சந்தையில் செம்பு பூசிய அலுமினியக் கேபிள் சிசிஏ என்ற பெயரில் கிடைக்கிறது. உறையில் கேட் 6 என்றே அச்சிட்டிருக்கும். எந்த கேட் தரமும் அலுமினியத்தை ஏற்பதில்லை, அதனால் இந்தக் கட்டுரையில் மேலே சொன்ன மீட்டர் கணக்கு எதுவும் அதற்குப் பொருந்தாது. ஒரு கம்பியை எடுத்து பிளேடால் லேசாகச் சுரண்டுங்கள். செம்பு என்றால் உள்ளேயும் அதே நிறம். சிசிஏ என்றால் வெள்ளி நிறம் எட்டிப் பார்க்கும்.

கேபிள் ஏற்கெனவே சுவருக்குள் இருந்தால் மல்டிமீட்டர் போதும். இரண்டு முனையையும் சுவிட்ச்சிலிருந்தும் ஆக்சஸ் பாயின்ட்டிலிருந்தும் கழற்றிவிடுங்கள். ஒரு முனையில் நீலத்தையும் வெள்ளை நீலத்தையும் முறுக்கி விடுங்கள், மறுமுனையில் ஓம் அளந்து பாருங்கள். 50 மீட்டர் செம்பு கேட் 5இ 9 ஓம் பக்கம் காட்டும். அதே நீளத்துக்கு 14 போல் வந்தால் அது அலுமினியம். எதிர்ப்பு அவ்வளவு கூடும்போது வழியிலேயே வோல்டேஜ் விழுந்துவிடும். ரேடியோ முழு வீச்சில் வேலை செய்யும் நேரத்தில்தான் அது வெளியே தெரியும். ரிச்சி ஸ்ட்ரீட்டில் பெட்டி வாங்கும்போதே ஒரு சாண் உரித்துச் சுரண்டிக் காட்டச் சொல்லுங்கள். யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

அறிகுறி 5: 2500 என்று காட்டுகிறது, சோதித்தால் 940 தாண்டவில்லை

940 மெகாபிட் என்பது ஒரு கிகாபிட் இணைப்பின் கையெழுத்து. வழியில் எங்கோ ஒரு கிகாபிட் கண்ணி இருக்கிறது. பெரும்பாலும் அது அந்த மாடி சுவிட்ச்சிலிருந்து கீழே உள்ள மெயின் சுவிட்ச்சுக்குப் போகும் ஃபைபரில் பழைய 1ஜி மாட்யூல். அடுத்த சந்தேகம் நீங்கள் சர்வராக வைத்த கம்ப்யூட்டரின் நெட்வொர்க் கார்டு. லினக்ஸ் என்றால் கேட்டே விடலாம்:

```
ethtool enp3s0 | grep Speed
```

`Speed: 1000Mb/s` என்று வந்தால் சோதனைக் கருவியிலேதான் குறை. 2.5ஜி இணைப்பு ஒழுங்காக இருந்தால் `iperf3` 2.35 கிகாபிட் பக்கம் காட்டும், 5ஜியில் 4.7. 2.5ஜி போர்ட்டில் 2.35 வந்துவிட்டால் மீதி 0.15 எங்கே என்று தேட வேண்டாம். அது ஒவ்வொரு பாக்கெட்டின் தலைப்பகுதிக்கும் இடைவெளிக்கும் போனது.